அரிக்கேன் விளக்கைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

அரிக்கேன் விளக்கு எரியும் கட்டுரைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. உங்களுக்கும் அந்தக் கட்டுரை தெரியும். திண்ணை இருக்கும், மழை இருக்கும், மஞ்சள் வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சத்தில் ஒரு பையன் குனிந்து படித்துக்கொண்டிருப்பான். பிற்பாடு பெரிய ஆளாகி அவனே இந்தக் கட்டுரையை எழுதுவான். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் வரும்: சாயங்காலமானால் அம்மாவோ அக்காவோ சாம்பல் தொட்டுக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். அடுத்த வாக்கியத்தில் தவளைச் சத்தம் வந்துவிடும்.

என் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான். அது பொய் இல்லை. துடைத்தார்கள்தான். ஆனால் கண்ணாடி ஏன் தினமும் கறுத்தது என்று எழுதியவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இருட்டினால் கொசு வருவதைப் போல விளக்கு எரிந்தால் கரி வரும், கரி வந்தால் யாராவது துடைப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். நல்ல மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை ஒழுங்காக வெட்டி, அளவாக ஏற்றிய அரிக்கேன் விளக்கின் கண்ணாடி தினமும் கறுக்காது. வாரத்துக்கு ஒரு தடவை துடைத்தால் போதும். தினமும் துடைக்க வேண்டியிருந்தது என்றால் அந்த வீட்டில் யாரோ தினமும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தார்கள், வேறு யாரோ தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. நான் தீபாவளிக்கு வந்தவன், விடுப்பை நீட்டிக்கொண்டு நன்னிலத்தில் இருந்தேன். எங்கள் பக்கம் அடி அவ்வளவு இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேதாரண்யம், முத்துப்பேட்டை, மன்னார்குடிக்காரர்களிடம் போய் நன்னிலத்தில் புயல் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தென்னை போனது, வீடு போனது. எங்களுக்குப் போனது கரண்ட்தான். டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது எங்கள் தெருவுக்கு வரிசை வர ஐந்து நாள் ஆனது. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே உயிரை விட்டது. அப்பா பரணிலிருந்து அரிக்கேனை இறக்கச் சொன்னார். ஹரிக்கேன் என்றால் புயல். புயலுக்குப் பெயர் வைத்த விளக்கைப் புயலில் ஏற்றப்போகிறோம் என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தக் கட்டுரையை நானும் மனதுக்குள் எழுத ஆரம்பித்திருந்தேன்.

கண்ணாடியைக் கழுவி, துடைத்து, காயவைத்து, எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். வெளிச்சம் போதவில்லை. திரியை ஏற்றினேன். கொஞ்ச நேரம் பிரமாதமாக எரிந்தது. கால் மணி நேரத்தில் கண்ணாடியின் மேல் பாதி கறுத்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் தார் ஒழுகிய மாதிரி ஒரு பட்டை. வெளிச்சம் குறைந்ததால் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் கறுத்தது. அணைத்து, ஆறவிட்டு, துடைத்து, மறுபடி ஏற்றினேன். அன்று ராத்திரி மூன்று தடவை துடைத்தேன். மூன்றாவது தடவை அடுத்த வீட்டு அத்தை வந்தார். அப்பாவின் கூடப்பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர். என்னை ஒரு பார்வை, விளக்கை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் தம்பி, கண்ணாடிய ஏன் போட்டுத் தேய்க்கிற? அது என்ன பண்ணுச்சு பாவம். திரியப் பாரு."

கண்ணாடி என்ன பண்ணியது என்பதுதான் விஷயம். அது ஒன்றும் பண்ணவில்லை. உள்ளே நடப்பதை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. என் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். சர்வர் பிழைச் செய்தி எழுதினால் அந்த வரியை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவனை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம். வீட்டில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சுடருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. அங்கே எண்ணெய் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவி. சுடரின் நடுவில் சூடு அதிகம், காற்று குறைவு. அதனால் ஆவி முழுதாக எரியாமல் உடைந்து மிக நுண்ணிய கரித்துகள்களாகிறது. அந்தத் துகள்கள் சூட்டில் தணல்போல ஒளிர்வதைத்தான் மஞ்சள் வெளிச்சம் என்கிறோம். மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து நடத்திய சொற்பொழிவுகளில் விளக்கியது இதைத்தான். ஆக நம் கட்டுரையாளர்கள் உருகுகிற மஞ்சள் வெளிச்சமும் கண்ணாடியில் ஒட்டும் கரியும் ஒரே பொருள். சூடாக இருக்கும்போது வெளிச்சம், எரியாமல் தப்பித்து ஆறிவிட்டால் கரி.

தப்பிக்காமல் இருக்க வேண்டுமானால் துகள் சுடரின் வெளி விளிம்புக்கு வரும்போது அங்கே போதுமான காற்று இருக்க வேண்டும். அரிக்கேன் விளக்கின் வடிவமே அதற்காகத்தான். இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற குழாய்களைப் பலர் கைப்பிடி என்று நினைக்கிறார்கள். 1860களின் கடைசியில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த ஏற்பாடு அது: மேலேயிருந்து காற்றை இறக்கி, பர்னருக்கு அடியில் கொண்டுபோய்க் கொடுக்கும் குழாய்கள். இப்படி வருகிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு. திரியை ஏற்ற ஏற்ற ஆவி கூடும், காற்று அதே விகிதத்தில் கூடாது. ஒரு உயரம் வரை வெளிச்சம் ஏறும். அதைத் தாண்டினால் உபரித் துகள்கள் எரியாமல் சுடரின் நுனி வழியாக வெளியேறிக் கண்ணாடியில் ஒட்டும். கண்ணாடி கறுக்கும், வெளிச்சம் குறையும், கை தானாகத் திரியை இன்னும் ஏற்றும். அந்த ராத்திரி நான் மாட்டிக்கொண்டிருந்த சுழல் இது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஏற்றிய உடனே பர்னர் குளிர்ந்திருக்கும், சுடர் சின்னதாக இருக்கும். பத்து நிமிஷத்தில் பர்னர் சூடாகிவிட்டால் அதே திரி உயரத்தில் சுடர் தானாக வளரும். ஏற்றின கையோடு நமக்கு வேண்டிய வெளிச்சத்துக்குத் திரியை வைத்துவிட்டுப் புத்தகத்தில் மூழ்கினால், நாம் பார்க்காத நேரத்தில் அது எல்லையைத் தாண்டியிருக்கும். அதனால்தான் அத்தை ஏற்றியதும் திரியை நன்றாக இறக்கிவிட்டு வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவர் போட்டு முடித்தபோது பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம்தான் திரியை ஏற்றினார். ஏற்றி, சுடர் நுனி துடிக்கத் தொடங்கியதும் ஒரு பல் இறக்கினார். அது அவருக்கு வெற்றிலை நேரம். தெரியாதவர்கள் கடிகாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் திரியை வெட்டினார். விளக்கு முழுக்க ஆறியிருந்தது. திரியை அரை விரல் உயர்த்தி, மேலே கெட்டியாகியிருந்த கரிப்பொருக்கை மட்டும் கத்தரிக்கோலால் ஒரே நேராக வெட்டினார். பிறகு இரண்டு மூலைகளையும் எள்ளளவு கிள்ளி எடுத்தார். மூலை கூராக இருந்தால் அங்கே சுடர் கொம்பு மாதிரி தனியாக எழும்பும். அந்தக் கொம்புதான் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் தார்ப்பட்டை போட்டது. பொருக்கில் தப்பிய ஒரு நூலும் அதையே செய்யும். கறுப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் திரியின் வெட்டைப் பார்க்க வேண்டும், இல்லை கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் பாதி சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் திரி உயரம். இந்த இரண்டுமே சரியாக இருந்தும் சுடர் மந்தமாகச் சிவந்து எரிந்தால் பர்னரைச் சுற்றியுள்ள துளைத்தட்டைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் வயலிலிருந்து வரும் தத்துப்பூச்சிகளும் ஈசலும் விளக்கில் விழுந்து, கருகி, அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் ஒரு தேய். காற்று திரும்பிவிடும்.

வெட்டிய பிறகு தார்ப்பட்டை போனது. மேல் பாதியும் கறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி முழுக்க மெல்லிய புகைப்படலம் மாதிரி மங்கியது. சுடரும் கொஞ்சம் சோர்ந்தது. திரியை மறுபடி பார்த்தோம், அதற்குள் புதுப் பொருக்கு. அத்தை எண்ணெய் கேனைத் திறந்து முகர்ந்தார்.

"இது எஞ்சின் கேனுல்ல?"

ஆமாம். மோட்டார் ஓடாத நாட்களில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கும் கேனில்தான் ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்திருந்தோம். அடியில் ஒரு டம்ளர் டீசலாவது நின்றிருக்கும். டீசல் மண்ணெண்ணெயைவிடக் கனமானது. திரியில் மெதுவாக ஏறும், கரி அதிகம் விடும், புகைக்காமல் எரியக்கூடிய சுடரின் உயரத்தைக் குறைத்துவிடும். வேறு வீட்டிலிருந்து நல்ல மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் கடன் வாங்கி, தொட்டியைக் காலிசெய்து, ஊறிப்போன திரியை மாற்றினோம். அடுத்த மூன்று ராத்திரியும் கண்ணாடியை யாரும் தொடவில்லை.

புகைக்காமல் எரியக்கூடிய உயரம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு அளவே உண்டு. இந்திய மண்ணெண்ணெய்க்கான தர நிர்ணயம், ஐஎஸ் 1459, அளவெடுத்துச் செய்த ஒரு சோதனை விளக்கில் சுடர் குறைந்தது 18 மில்லிமீட்டர் உயரம் வரை புகையாமல் எரிய வேண்டும் என்கிறது. அதே ஆவணத்தில் இன்னும் இரண்டு நிபந்தனைகள். ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் திரியில் சேரும் கரி 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணாடிச் சிம்னியில் படியும் மங்கல் சாம்பல் நிறத்தைவிடக் கறுப்பாக இருக்கக் கூடாது. ஊரிலிருந்து திரும்பிய பிறகு இந்தக் கடைசி வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. சிம்னிக் கண்ணாடியின் அழுக்குக்கு இந்திய அரசு நிறம் குறித்து வைத்திருக்கிறது! கண்ணாடி கறுப்பது பெண் பிள்ளைகளின் சோம்பேறித்தனத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, எண்ணெய் விற்கிறவன் பதில் சொல்ல வேண்டிய விஷயம் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்த மங்கல் பெரும்பாலும் எண்ணெயில் இருக்கும் கந்தகத்தால் வருவது, கரி இல்லை. உலர்ந்த துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சோப்புத் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். சரியாகத் துடைக்கவில்லை என்று திட்டு வாங்கிய எத்தனை பேர், துடைத்தால் போகவே போகாத ஒன்றைத் துடைத்திருப்பார்களோ.

இனி சாம்பலுக்கு வருகிறேன். முன்னோர் விஞ்ஞானம் என்று பார்வர்ட் செய்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். சலித்த, மாவு மாதிரி இருக்கிற சாம்பலும் விபூதியும் நல்ல பொருள்கள்தான். கரியோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையை அவை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் தொடாமல் உலர்ந்த துணியில் எடுத்துத் துடைத்தால் கண்ணாடி தெளியும். ஆனால் நெல் விளைகிற ஊரில் அடுப்படியில் கிடைத்தது பெரும்பாலும் உமிச்சாம்பல். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிகா. கண்ணாடியும் சிலிகாவால் ஆனதுதான். சலிக்காமல், களத்து மண்ணும் சேர்ந்த உமிச்சாம்பலைத் தொட்டு அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும். அடுத்த நாள் கரி அந்தக் கீறல்களில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கும். இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கண்ணாடி ஏன் அதன் கணக்கு வலிமையைவிட மிகக் குறைந்த விசையில் உடைகிறது என்ற கேள்விக்கு 1920இல் கிரிஃபித் சொன்ன பதில், மேற்பரப்பில் இருக்கும் நுண் கீறல்கள் என்பது. பொறியியல் கல்லூரியில் அதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி மழைக்காலத்தில் பட்டென்று விரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது சாரல் பட்டால், சூடான இடம் விரிந்திருக்க, துளி பட்ட இடம் சுருங்கும். இழுபடும் இடத்தில் ஏற்கெனவே கீறல் இருந்தால் வேலை முடிந்தது. "யாருடி கண்ணாடிய ஒடைச்சது?" என்று ஒரு குரல் வரும். மழை என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

என் பரிந்துரை இது, ரொம்பச் சாதாரணமானது. விளக்கு ஆறட்டும். கரிக்கு முதலில் தண்ணீர் காட்டக் கூடாது. கரி தண்ணீரில் கரையாது, குழம்பிப் பூசிக்கொள்ளும். கசக்கிய பழைய செய்தித்தாளால் உள்ளே சுற்றித் துடைத்தால் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சப் பசைக்கும் மங்கலுக்கும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். பிறகு முழுக்கக் காய வேண்டும், ஒரு துளிகூட நிற்காமல். ஈரக் கண்ணாடியை மாட்டி ஏற்றினால் அது சாரலை உள்ளேயே வைத்து ஏற்றுவதுதான். துணியைக் கையில் சுற்றாமல் ஒரு குச்சியின் நுனியில் கட்டிக்கொள்ள வேண்டும்.

குச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் அந்த அரிக்கேன் அப்பாவின் விளக்கு. அப்பா எஸ்எஸ்எல்சி படித்தபோது அத்தைக்குப் பதின்மூன்று வயது, ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள். அப்பா ராத்திரி பதினொரு மணி வரை படிப்பார். எழுத்து தெரியாதபோது திரியை ஏற்றுவார். கண்ணாடி கறுக்கும். மறுநாள் சாயங்காலம் அத்தை துடைப்பார். அரிக்கேன் கண்ணாடியின் வாய் பெரிய ஆளின் கை நுழைகிற அகலம் இல்லை, சின்னப் பெண்ணின் கை நுழையும். அதனால் அது அவருடைய வேலை ஆனது. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொன்ன காரணம் இதுதான்: அவள் கைதான் உள்ளே போகும்.

ஒரு தடவை கண்ணாடியின் கீழ் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது. சில்லு பெயர்ந்த கண்ணாடி தட்டில் நேராக உட்காராது, இடுக்கில் காற்று தாறுமாறாக நுழைந்து சுடர் ஆடும், கரி கூடும். கூடின கரியை எடுக்க அத்தை கையை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பியபோது அந்தச் சில்லு மணிக்கட்டுக்குக் கீழே கிழித்தது. தையல் போடவில்லை, சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினார்கள். சுண்டு விரலும் அடுத்த விரலும் இன்றைக்கும் அவருக்கு முழுதாக மடங்காது. திரி வெட்டும்போது கத்தரிக்கோலை அவர் வேறு மாதிரி பிடித்ததைக் கவனித்துக் கேட்டபோதுதான் எனக்கு இது தெரிந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் அந்த விளக்கைப் பற்றி நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் அப்பா அதன் வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்த கதைதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும், அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும் என்று. அத்தைக்குத் தெரிந்திருந்தது. திரியை எப்படி வெட்டுவது, எவ்வளவு ஏற்றுவது என்று ஒரு வருஷத்திலேயே துடைத்துத் துடைத்துக் கண்டுபிடித்துவிட்டார். லாக் படிக்கிறவருக்குத்தானே பிழை தெரியும். சொல்லியும் இருக்கிறார். "திரியத் தொடாதண்ணேன்னு சொல்லுவேன், படிக்கிற புள்ளைய எதுத்துப் பேசாதம்பாங்க." கறுத்த கண்ணாடியால் அப்பாவுக்கும் வெளிச்சம் குறைவாகத்தான் கிடைத்தது. திரியை ஒரு பல் இறக்கியிருந்தால் அவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். யாருக்கும் லாபமில்லாத தப்பு அது. கேட்டிருந்தால் போதும்.

துடைக்கிறவர்களுக்கு மட்டுமான பிரச்சினை என்றும் இதைச் சொல்ல முடியாது. கண்ணாடியில் ஒட்டுவது தப்பித்த கரியில் ஒரு பங்குதான், மீதி மேலே போய் அறையில் கலக்கிறது. கண்ணாடியே இல்லாத காடா விளக்கு மாதிரியான திரி விளக்குகளில், எரிகிற மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை கரித்துகளாகிவிடுகிறது என்று 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது. கண்ணாடி போட்ட அரிக்கேனில் இது மிகக் குறைவு, ஆனால் திரியை ஏற்ற ஏற்றக் கூடும். அந்தப் புகைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு இருந்தது புத்தகத்தோடு குனிந்திருந்த பையன்தான். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கட்டுரைகளிலும் அது ஒரு வேடிக்கையான நினைவாகவே வரும்.

எழுதுகிறவர்கள் விளக்கை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் துடைத்து வைத்தார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதினால், திரியை ஏற்றியது யார் என்று இன்னொரு வாக்கியம் எழுதுங்கள். தெரியாவிட்டால் உங்கள் அத்தையைக் கேளுங்கள், உயிரோடு இருக்கும்போதே.

ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது. விளக்கைப் பரணில் போடுவதற்கு முன் தொட்டியில் இருந்த எண்ணெயை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கெட்டுப்போய்த் திரியில் பிசின் மாதிரி இறுகிவிடும். வடித்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். நான் பூவரசங்குச்சி ஒன்றில் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, நூல் கட்டி, கண்ணாடிக்குள் விட்டுச் சுழற்றினேன். தாராளமாக நுழைந்தது, மூலை முடுக்கெல்லாம் போனது. அப்பா அதை வாங்கி இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தார்.

"குச்சி போவும்னு அப்ப தோணல," என்றார்.

அத்தை திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குச்சியை விளக்கோடு சேர்த்துக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.